குழந்தையின் நிமோனியாவும் நெஞ்சு எக்ஸ்ரேயும்: இரண்டாவது படம் எப்போது தேவை?

நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய குழந்தையை மறுபரிசோதனைக்கு அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரு கேள்வியுடன் வருகின்றனர்: “சளி முழுவதும் கரைந்துவிட்டதா என்று இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாமா, டாக்டர்?” மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எக்ஸ்ரே நிலையத்தைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை, செலவும் மிகுதியில்லை. அப்படியிருக்க, மருத்துவர் “வேண்டாம்” என்று சொல்லும்போது, எதையோ கவனிக்காமல் விட்டுவிடுகிறாரோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

அந்த ஐயத்துக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. எக்ஸ்ரே படத்தில் உண்மையில் என்ன தெரிகிறது, பாக்டீரியாவால் வரும் நிமோனியாவும் வைரஸால் வரும் நிமோனியாவும் அதில் எவ்வாறு வேறுபடுகின்றன, குணமாகிவிட்ட குழந்தையின் படம் ஏன் இன்னமும் நோயுற்றதுபோல் காட்சியளிக்கிறது என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

படத்தில் தெரிவது என்ன?

எக்ஸ்ரே கதிர்கள் காற்றை எளிதாகக் கடந்து செல்லும். நீரையும் தசையையும் ஓரளவே கடக்கும். எலும்பில் பெரும்பகுதி தடுக்கப்படும். ஆகவே காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கருமையாகவும், இதயமும் எலும்புகளும் வெண்மையாகவும் தெரிகின்றன. நுரையீரல் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளின் தொகுதி. நோய்த்தொற்றின்போது அவ்வறைகளில் காற்றுக்குப் பதிலாக நீரும் சீழும் நிறைந்தால், அந்தப் பகுதி படத்தில் வெள்ளைத் திட்டாக மாறிவிடுகிறது.

படம் காட்டுவது அவ்வளவுதான்: “இங்கே காற்று இருக்க வேண்டிய இடத்தில் காற்று இல்லை.” அங்கிருப்பது சீழா, நீரா, கட்டிச்சளியா, சுருங்கிப்போன நுரையீரலா என்பதைப் படம் தானாகச் சொல்வதில்லை, எந்தக் கிருமி என்பதை அறவே சொல்வதில்லை. வெண்மையின் வடிவத்தையும் இடத்தையும் கொண்டு மருத்துவர் ஊகிக்கிறார்.

சிறு குழந்தைகளிடம் இந்த ஊகம் இன்னும் கடினமாகிறது. அழும் குழந்தை மூச்சை வெளிவிடும் கணத்தில் படம் எடுக்கப்பட்டால், நுரையீரல் சுருங்கி, நோயில்லாத இடமும் மங்கலாகத் தெரியும். உடல் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு பக்கம் மற்றதைவிட வெளுத்துக் காணப்படும். கைக்குழந்தைகளுக்கு நெஞ்சின் மேற்பகுதியில் தைமஸ் என்னும் சுரப்பி பெரிதாக இருக்கும். அதன் நிழல் பாய்மரத் துணியைப்போல் ஒரு பக்கம் விரிந்து, நிமோனியா என்றே தோன்றச் செய்யும்.

பாக்டீரியாவின் சாயல்

குழந்தைகளுக்குப் பாக்டீரியா நிமோனியாவை உண்டாக்குவதில் முதன்மையானது நிமோகாக்கஸ். இது காற்றறைகளையே தாக்குகிறது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நீரும் சீழும் பரவி, நுரையீரலின் ஒரு மடல் முழுவதையுமோ அதன் ஒரு பகுதியையோ நிரப்புகின்றன. மடலின் எல்லையோடு பரவல் நின்றுவிடுவதால், படத்தில் ஒரு பக்கத்தில் மட்டும், ஓரம் தெளிவாக வெட்டியதுபோன்ற அடர்ந்த வெண்மை தெரியும். அதனூடே காற்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மூச்சுக்குழாய்கள் கரிய கிளைகளாகத் தென்படுவதும் உண்டு.

சிறு குழந்தைகளில் காற்றறைகளுக்கு இடையேயான இணைப்புத் துளைகள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அதனால் தொற்று மடல் முழுதும் பரவாமல், ஒரே இடத்தில் உருண்டையாகத் திரண்டு நிற்கலாம். படத்தில் அது கட்டியைப்போல் தோன்றிப் பெற்றோரை அச்சுறுத்தும். பெரும்பாலும் அது வெறும் நிமோனியாவே. நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ தேங்கினால், அது பாக்டீரியா என்பதற்கு வலுவான குறிப்பாகும்.

வைரஸின் சாயல்

வைரஸ்கள் பெரும்பாலும் காற்றறைகளைவிட மூச்சுக்குழாய்களின் சுவர்களையே முதலில் தாக்குகின்றன. சுவர் வீங்குகிறது, உள்ளே சளி சேர்கிறது. படத்தில், நடுவிலிருந்து இரு பக்கமும் கிளைவிடும் கோடுகள் தடித்துத் தெரிகின்றன. குறுகிய குழாய் வழியாக உள்ளே சென்ற காற்று எளிதில் வெளியேற இயலாததால் நுரையீரல் உப்பி, உதரவிதானம் கீழே தள்ளப்பட்டுத் தட்டையாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூக்கொழுகலோடு தொடங்கி இளைப்பில் முடியும் கைக்குழந்தைகள் பலரின் படம் இத்தகையதே.

இங்கே ஒரு பொறி உண்டு. கட்டிச்சளி ஒரு சிறு குழாயை முழுவதுமாக அடைத்துவிட்டால், அதற்கு அப்பாலுள்ள காற்று உறிஞ்சப்பட்டு, அந்தப் பகுதி சுருங்கிவிடும். சுருங்கிய நுரையீரலும் படத்தில் அடர்ந்த வெண்மையாகவே தெரியும். வலப்பக்க மேல் மடலிலோ நடு மடலிலோ இவ்வாறு தோன்றும் வெண்மையைப் பாக்டீரியா நிமோனியா என்று எண்ணிவிடுவது எளிது. சளி இடம் மாறியதும் அது மறைந்து, வேறோர் இடத்தில் புதிதாகத் தோன்றவும் கூடும். நோய் அங்கிருந்து இங்கே பரவியதாக அதற்குப் பொருளில்லை.

படத்தை மட்டும் வைத்து ஏன் தீர்மானிக்க இயலாது?

மேற்கண்ட இரு சாயல்களும் உண்மை. ஆனால் அவற்றுக்கிடையே தெளிவான எல்லைக்கோடு இல்லை. பின்லாந்தின் டுர்க்கு நகரில், நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்ந்த 254 குழந்தைகளின் படங்களையும் கிருமிச் சோதனைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளியாயிற்று. காற்றறைகள் நிரம்பிய அடர்ந்த வெண்மை தெரிந்தவர்களில் 71 சதவீதத்தினருக்குப் பாக்டீரியா தொற்றுக்குச் சான்று இருந்தது. ஏனையோரின் படம் பாக்டீரியாவுடையதுபோல் தோன்றியதேயன்றி, அதற்குச் சான்று கிட்டவில்லை. வைரஸுக்குரிய கோடுகள் மட்டுமே தெரிந்தவர்களிலோ, ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா தொற்றும் இருந்தது. இரண்டு கிருமிகளும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதும் அரிதன்று.

ஒரே படத்தை இரு வல்லுநர்கள் வெவ்வேறாகப் படிப்பதும் உண்டு. தடுப்பூசி ஆய்வுகளில் இது பெரும் சிக்கலாக இருந்தமையால், குழந்தைகளின் நெஞ்சுப் படத்தை ஒரே முறையில் படிப்பதற்கென உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஒரு வரையறையையே வெளியிட்டது.

ஆகையால் ஆன்டிபயாடிக் தேவையா என்று முடிவு செய்யும் மருத்துவர், படத்தை ஒரு சான்றாக மட்டுமே கொள்கிறார். குழந்தையின் வயது, காய்ச்சல் திடீரென உயர்ந்ததா அல்லது சளியோடு மெல்லத் தொடங்கியதா, இளைப்புச் சத்தம் இரு பக்கமும் கேட்கிறதா, வீட்டில் பிறருக்கும் சளி உண்டா, எந்தத் தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளன என்பவை அனைத்தும் கணக்கில் வருகின்றன. தடுப்பூசிக்கு இதில் தனி இடம் உண்டு. ஹிப் என்னும் பாக்டீரியாவுக்கு எதிரான பாதுகாப்பை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவில் முதன்முதலாகத் தமிழகத்திலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிமோகாக்கஸ் தடுப்பூசி தமிழகத்தில் 2021இல் சேர்ந்தது. இவற்றை முறையாகப் பெற்ற குழந்தைக்கு வரும் நிமோனியா வைரஸால் வந்திருக்கும் வாய்ப்பு, முந்தைய தலைமுறையினரைவிட அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக, மந்தைவெளியில் வசிக்கும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். நவம்பர் மாதம். இரண்டு நாட்களாக 103 டிகிரி காய்ச்சல், இருமல், வலது பக்க வயிற்றுவலி. மருத்துவமனையில் எண்ணும்போது நிமிடத்துக்கு 52 முறை மூச்சுவிடுகிறாள். அவள் வயதில் 40ஐ எட்டினாலே அது வேகமூச்சு. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குகிறது. ஆக்சிஜன் அளவு 91. படத்தில் வலது நுரையீரலின் கீழ் மடலில் தெளிவான ஓரத்துடன் வெள்ளைத் திட்டு. இந்தப் படம் பயனுள்ளது: நோய் கடுமையாக இருக்கிறது, நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கியுள்ளதா என்று அறிந்தாக வேண்டும்.

ஆக்சிஜனும் நரம்புவழி ஆன்டிபயாடிக்கும் தொடங்கப்படுகின்றன. இரண்டாம் நாள் காய்ச்சல் வருகிறது. ஆனால் உச்சம் குறைந்திருக்கிறது. மூன்றாம் நாள் மாலை காய்ச்சல் இல்லை, மூச்சு 32, குழாய் இல்லாமலே ஆக்சிஜன் 97, இட்லி கேட்டுச் சாப்பிடுகிறாள். நான்காம் நாள் வாய்வழி மருந்துடன் வீடு திரும்புகிறாள். பத்தாம் நாள் மறுபரிசோதனை. ஓடியாடி விளையாடுகிறாள், இருமல் மட்டும் அவ்வப்போது இருக்கிறது. இப்போது படம் எடுக்கலாமா?

எடுத்தால் என்ன தெரியும்? பெரும்பாலும் அதே இடத்தில், சற்று மங்கிய அதே வெள்ளைத் திட்டு. நோயாளியை நேரில் பார்க்காதவர் எழுதும் அறிக்கையில் “வலது கீழ்ப்பகுதியில் நிமோனியாவுக்குரிய மாற்றங்கள்” என்றே வரும். அந்த அறிக்கையைக் கையில் ஏந்தி வேறொரு மருத்துவரிடம் சென்றால், முதல் மருந்து வேலை செய்யவில்லை என்ற எண்ணத்தில் இன்னும் வலிமையான ஆன்டிபயாடிக் தொடங்கப்படலாம். அதனால் வயிற்றுப்போக்கும், மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும் வாய்ப்பும் உண்டாகும். பிறகு மூன்றாவது படம். இத்தனையும் ஏற்கெனவே குணமாகிவிட்ட ஒரு குழந்தைக்கு!

ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர்வீச்சு மிகச் சிறியது. நாம் அனைவரும் இயற்கையிலிருந்து சில நாட்களில் பெறும் அளவே அது. எனவே தேவையான படத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. தேவையற்ற படத்தால் வரும் கேடு பெரும்பாலும் கதிரால் வருவதன்று. தவறாகப் படிக்கப்படும் நிழலால் வருவது.

நிழல் ஏன் பின்தங்குகிறது?

மருந்தும் உடலின் எதிர்ப்பாற்றலும் கிருமிகளை இரண்டு மூன்று நாட்களில் அடக்கிவிடுகின்றன. காய்ச்சல் அப்போதே தணிகிறது. ஆனால் காற்றறைகளில் நிறைந்திருந்த சீழும் இறந்த செல்களும் அன்றே மறைந்துவிடுவதில்லை. உடலின் துப்புரவுச் செல்கள் அவற்றைச் சிறிது சிறிதாக விழுங்கி அகற்ற வேண்டும். மழைவெள்ளம் வடிந்த பிறகும் தெருவில் சேறு சில நாள் கிடப்பதைப் போன்றது இது. பல குழந்தைகளுக்குச் சில வாரங்களில் படம் தெளிவாகிவிடும். சிலருக்கு ஆறு வாரங்களுக்கும் மேலாகலாம்.

டுர்க்கு நகரின் அதே ஆய்வுக் குழுவினர், நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்ற 196 குழந்தைகளுக்கு மூன்று முதல் ஏழு வாரங்கள் கழித்து மறுபடம் எடுத்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 30 சதவீதத்தினரின் படத்தில் எஞ்சிய மாற்றமோ புதிய மாற்றமோ தெரிந்தது. ஆயினும் நன்றாகத் தேறிய குழந்தைக்கு வழக்கமாக மறுபடம் எடுக்கத் தேவையில்லை என்பதே அவர்களின் முடிவு. 2011இல் வெளியான அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல்கள் இரண்டும் இதையே கூறுகின்றன.

முதல் படமே எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், வெளிநோயாளிகளாக வந்த 5 வயதுக்குட்பட்ட 522 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் படம் எடுத்துப் பார்த்த ஆய்வு 1998இல் வெளியானது. குணமடைய ஆன காலம் இரு பிரிவிலும் ஏறத்தாழ 7 நாட்களே. படம் எடுக்கப்பட்டவர்களுக்கு ஆன்டிபயாடிக் சற்று அதிகமாகத் தரப்பட்டதுதான் வேறுபாடு. லேசான நிமோனியாவில், குழந்தையைத் தொட்டும் கேட்டும் பார்த்தும் அறிவதே பெரும்பாலும் போதுமானது.

இரண்டாவது படம் தேவைப்படும் நேரங்கள்

மறுபடம் எப்போதும் வேண்டாம் என்பதன்று. கீழ்க்கண்ட சூழல்களில் மருத்துவரே அதைக் கேட்பார்.

முதலாவது, சரியான மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரம் கடந்தும் குழந்தை தேறாமலோ, மேலும் மோசமாகியோ இருக்கும் நிலை. நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ சேர்ந்திருக்கலாம். அப்போது எக்ஸ்ரேயுடன் நெஞ்சுப் பகுதிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்கப்படும். தேங்கிய நீரின் அளவையும் தன்மையையும் ஸ்கேன் இன்னும் நன்றாகக் காட்டும்.

இரண்டாவது, முதல் படத்தில் நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியிருந்தாலோ, உருண்டையான நிழல் தெரிந்திருந்தாலோ. இவை மறைந்துவிட்டனவா என்று உறுதிசெய்ய நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்துப் படம் எடுப்பது பொருத்தம். அதற்கு முன்னரே எடுத்தால், மேலே சொன்ன எஞ்சிய நிழல் குழப்பத்தையே தரும்.

மூன்றாவது, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிமோனியா வருதல். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, சீத்தாப்பழ விதை போன்றவை மூச்சுக்குழாயில் சிக்கியிருப்பது இதற்கு ஒரு காரணம். இவை எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அவற்றின் விளைவாக ஒரு பக்க நுரையீரல் உப்பியோ சுருங்கியோ இருப்பது மட்டும் தெரியலாம். “சில வாரங்களுக்கு முன் எதையோ சாப்பிடும்போது புரையேறி, மூச்சுத் திணறினான்” என்ற உங்கள் ஒரு சொல், பல படங்களைவிட மருத்துவருக்கு உதவும். ஆகவே மறவாமல் சொல்லுங்கள்.

நான்காவது, காய்ச்சலும் இருமலும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, எடையும் குறைந்து வருதல். அல்லது வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருத்தல். நம் நாட்டில் இவ்வாய்ப்பை ஒருபோதும் ஒதுக்கிவிட முடியாது. இங்கே மறுபடத்தோடு சளிப் பரிசோதனையும் தேவைப்படும்.

படத்துக்குப் பதிலாக எதைப் பார்ப்பது?

வீட்டில் இருக்கும்போது நான்கு செய்திகளைக் குறித்து வாருங்கள்: காய்ச்சல் கடைசியாக வந்த நாள், உறங்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிய மூச்சின் எண்ணிக்கை, சாப்பாடும் பாலும் வழக்கத்தில் எவ்வளவு பங்கு, விளையாட்டு. மூச்சை எண்ணும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒன்றாகக் கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40: இவற்றை எட்டினாலோ கடந்தாலோ அது வேகமூச்சு. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரங்கள் மெல்லக் குறைந்துகொண்டே நீடிப்பது இயல்பு. அது நிமோனியா திரும்பியதன் அடையாளமன்று.

காய்ச்சல் நின்ற பின் மீண்டும் வருதல், மூச்சு மறுபடி வேகமாதல் ஆகியவை தென்பட்டால், மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் அன்றே வாருங்கள். நெஞ்சு உள்வாங்குதல், உதடு நீலமாதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். அந்த வேளையில் எக்ஸ்ரே நிலையத்துக்கு முதலில் செல்ல வேண்டாம். நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.

முதல் படத்தையும் அதன் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் எப்போதாவது மறுபடம் தேவைப்பட்டால், அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முந்தைய படமே முதற்சான்று. மருத்துவர் மறுபடம் கேட்டால், “இதில் எதைத் தேடுகிறீர்கள்? அதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?” என்று தயங்காமல் கேளுங்கள். மறுபடம் வேண்டாம் என்றால், “எந்த அறிகுறி தென்பட்டால் எடுப்பீர்கள்?” என்று கேட்டு, அந்த விடையைக் குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.